57 நாள் கணக்கு: சங்கக் கூடத்தைப் புதுப்பித்தால் போட்ட பணம் திரும்புமா?

கேள்வி: எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு 250 பேர் உட்காரும் கூடம் இருக்கிறது. நாள் வாடகை 8,000 ரூபாய், உறுப்பினருக்குப் பாதி. போன வருடம் 34 நாள் போனது, அதில் 12 நாள் உறுப்பினர்கள் எடுத்தது. செயலாளர் 28 லட்சத்தில் ஏசி, ஃபால்ஸ் சீலிங், புதுக் கழிவறை, சமையல்கூடம் எல்லாம் செய்யலாம் என்கிறார். கரண்ட், சுத்தம் உட்பட நாளுக்கு 20,000 வாங்கலாம், வருடம் 100 நாள் போகும், ஒன்றரை வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. வங்கி வைப்பில் 18 லட்சம் இருக்கிறது, மீதி 10 லட்சத்தை உறுப்பினர்களிடம் 9 சதவீத வட்டிக்கு வாங்குவதாகத் திட்டம். அடுத்த மாதம் பொதுக்குழு. பொருளாளர் என்ற முறையில் இது கட்டுப்படியாகுமா என்று நான் பேச வேண்டும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நான், கணக்குப் படித்தவன் இல்லை. என்ன பேசுவது?
— பெயர் வேண்டாம், கும்பகோணம் பக்கம்

பதில்: வணக்கம் ஐயா. தமிழாசிரியர் என்பது இந்த வேலைக்கு நல்ல தகுதிதான், ஏனென்றால் பொதுக்குழுவில் கணக்கு தெரிந்தவர் பேச்சு எடுபடாமல் போவதையும் புரியும்படி சொன்னவர் பேச்சு நிற்பதையும் இருபது வருடத் தணிக்கையில் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் மேடையில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு எண். வருடத்துக்கு எத்தனை நாள் வெளியார் வாடகைக்கு எடுத்தால் இந்தச் சங்கம் இன்றைக்கு இருக்கும் நிலையை விட மோசமாகாது? அந்த எண்ணைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால், 100 நாள் போகுமா போகாதா என்ற சண்டையை நீங்கள் போட வேண்டியதில்லை. உறுப்பினர்களே போட்டுக்கொள்வார்கள்.

செயலாளர் கணக்கில் என்ன விட்டுப்போகிறது என்று பார்த்துவிடுவோம். அவர் 28 லட்சத்தை 20 லட்சம் வரவால் வகுக்கிறார், அவ்வளவுதான். அந்த 20 லட்சத்தில் கரண்ட் பில்லும் துப்புரவு ஆளும் இருக்கிறார்கள். அதோடு, ஒரு ரூபாய் செலவு பண்ணாமலேயே இந்தக் கூடம் இன்றைக்குச் சம்பாதிக்கிறதே, அதையும் புது வரவாக எண்ணிவிடுகிறார். புதுப்பித்ததால் கூடுதலாக வருவது எவ்வளவு என்பது மட்டும்தான் புதுப்பித்தலின் லாபம்.

சரி, எண்ணுக்கு வருவோம். நீங்கள் எழுதாத செலவுகளுக்கு நான் பார்க்கும் சங்கங்களில் வழக்கமாக வருவதை வைத்துத் தோராயமாகப் போட்டிருக்கிறேன், உங்கள் ரசீதுக் கட்டை எடுத்து வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் இன்றைய நிலை. வெளியார் 22 நாள், 8,000 வீதம் 1,76,000. உறுப்பினர் 12 நாள், 4,000 வீதம் 48,000. ஆக 2,24,000. ஒவ்வொரு விசேஷத்துக்கும் கூட்டிக் கழுவ, விளக்கு, தண்ணீர் என்று 1,500 போகிறது என்று வைத்தால் 51,000 கழிந்து, கையில் நிற்பது வருடம் 1,73,000. இது புதுப்பித்தாலும் புதுப்பிக்காவிட்டாலும் உங்களுடையது.

அடுத்து, புதுக் கூடத்தில் ஒரு நாள் வாடகை போனால் எவ்வளவு மிஞ்சும்? 250 பேர் கூடத்துக்கு 20 டன் ஏசி அளவில் வேண்டியிருக்கும், ஒரு விசேஷத்துக்கு நூற்றைம்பது யூனிட்டாவது ஓடும், வணிகக் கட்டணத்தில் யூனிட் பத்து ரூபாய் ஒட்டி வரும். மற்ற விளக்கையும் சேர்த்தால் கரண்டுக்கு மட்டும் 2,000. கரண்ட் போனால் ஜெனரேட்டர் டீசல், தண்ணீர் லாரி, குப்பை எடுப்பது, கழிவறை கழுவ இரண்டு பேர், இரவுக்கு ஒரு காவலாள். நான் நாளுக்கு 6,000 போடுகிறேன். ஆக வெளியார் ஒரு நாள் எடுத்தால் மிச்சம் 14,000. உறுப்பினர் பாதி வாடகையில் எடுத்தால் மிச்சம் 4,000தான். இந்த வித்தியாசம் முக்கியம், கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறேன்.

இனி, ஒருவரும் கூடத்துப் பக்கம் வராவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும் செலவுகள். 20,000 வாங்கும் கூடத்துக்குச் சாவி வைத்துக்கொள்ள ஒரு மேற்பார்வையாளர் வேண்டும், மாதம் 12,000 என்றால் வருடம் 1,44,000. ஏசிக்காக மின் இணைப்பின் சுமையை ஏற்றினால், ஏசியைப் போடாத மாதத்திலும் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று நிலைக் கட்டணம் உண்டு, அது மாதம் நூறு ரூபாய்க்கு மேல், 30 கிலோவாட் கூடினால் வருடம் 40,000 அளவில். ஏசி பராமரிப்பு ஒப்பந்தம் இன்னொரு 40,000. காப்பீடு, உரிமங்கள், வணிகப் பயன்பாட்டுக்காக ஏறும் சொத்து வரி எல்லாம் சேர்த்து 36,000. ஆக 2,60,000.

கடைசியாக 28 லட்சம். பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான். 18 லட்சம் நம்முடைய பணம்தானே, அதற்கு ஏது செலவு என்பார்கள். இன்று அது வைப்பில் வட்டி தருகிறது, எடுத்தால் நின்றுவிடும். ஏசியும் ஃபால்ஸ் சீலிங்கும் பத்து வருடத்தில் மறுபடி செலவு கேட்கும். அதனால் 28 லட்சத்தையும் ஒரு வங்கிக் கடன் மாதிரி நினைத்துக்கொண்டு, பத்து வருடத்தில் வட்டியோடு திரும்ப எடுக்க வருடத் தவணை எவ்வளவு என்று பாருங்கள். வைப்பு வட்டி 6.5 என்று வைத்து, உறுப்பினர் கடன் 9 சதவீதத்தையும் கலந்தால் சராசரி 7.4 சதவீதம். எக்ஸெல் தெரிந்த பிள்ளைகள் யாராவது வீட்டில் இருந்தால் இதை அடிக்கச் சொல்லுங்கள்:

```
=PMT(7.4%,10,-2800000)
```

விடை ஏறத்தாழ 4,06,000.

இப்போது கூட்டுங்கள். நிலையான செலவு 2,60,000, தவணை 4,06,000, இன்றைக்கே கிடைத்துக்கொண்டிருக்கும் 1,73,000. மொத்தம் 8,39,000. உறுப்பினர் 12 நாளில் மிஞ்சும் 48,000ஐக் கழித்தால் 7,91,000. இதை ஒரு வெளியார் நாளுக்கு மிஞ்சும் 14,000ஆல் வகுத்தால் 56.5 வருகிறது. அரை நாள் வாடகைக்கு விட முடியாது, ஆக 57.

உங்கள் எண் 57. இன்றைக்கு வெளியார் 22 நாள் வருகிறார்கள். வாடகையை இரண்டரை மடங்காக ஏற்றிவிட்டு, வருகிறவர்களையும் இரண்டரை மடங்காக்கினால்தான் சங்கம் இன்றைக்கு இருக்கும் இடத்தில் அப்படியே நிற்கும். லாபம் 58ஆவது நாளில் இருந்துதான்.

ஒப்பந்தக்காரர் கொடுத்த மதிப்பீட்டின் கடைசி வரியையும் படித்துவிடுங்கள். "ஜிஎஸ்டி தனி" என்று சின்ன எழுத்தில் இருந்தால் 28 லட்சம் என்பது 33 லட்சம். இப்படிக் கட்டட வேலைக்குக் கட்டும் வரியைச் சங்கம் பிற்பாடு வரவு எடுத்துக்கொள்ளவும் பொதுவாக முடியாது, சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. அந்த ஐந்து லட்சத்தால் 57 என்பது 62 ஆகிவிடும்.

செயலாளர் சொல்வது போலவே 100 நாள் போனால்? அப்போதும் ஒரு விஷயம் இருக்கிறது. சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு வருடம் 20 லட்சம். சந்தாவும் கூட அந்த வரம்புக் கணக்கில் சேரும் என்பதால் 100 நாளை ஒட்டி நீங்கள் அதைத் தாண்டிவிடலாம். கூட வாடகைக்கு வரி 18 சதவீதம். பெண்ணுக்கு நிச்சயம் பண்ண வருகிறவர் 20,000தான் பேசினோம் என்று நின்றால் அதில் 3,051 ரூபாய் வரிக்குப் போய், உங்கள் கைக்கு 16,949தான். 100 நாள் போனால் சங்கத்துக்கு லாபம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றரை வருடத்தில் வராது.

57 நாள் கிடைக்குமா என்பதற்குப் பதில் என்னிடம் இல்லை, உங்கள் முன்பதிவு நோட்டில் இருக்கிறது. மூன்று வருட நோட்டை எடுத்து ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, என்ன விசேஷம், வெளியாரா உறுப்பினரா என்று எழுதுங்கள். அப்புறம் அடுத்த வருடப் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஆடி போய்விடும், மார்கழி போய்விடும், பல குடும்பங்களுக்குப் புரட்டாசியும் இல்லை. மிச்ச மாதங்களில் முகூர்த்த நாள், அதிலும் வளர்பிறை முகூர்த்தம், எத்தனை என்று எண்ணுங்கள். அந்த நாட்களில் ஊரில் இருக்கும் எல்லா மண்டபமும் சேர்ந்துதான் நிரம்பும், மற்ற நாட்களில் எல்லா மண்டபமும் சேர்ந்துதான் காலியாக இருக்கும். 250 பேர் கூடத்தில் பெரிய கல்யாணம் நடக்காது. உங்களுக்கு வருவது நிச்சயதார்த்தம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கருமாதி. இவற்றில் பாதி ஞாயிற்றுக்கிழமையைத் தேடும், வருடத்துக்கு ஞாயிறு 52தான். கருமாதி மட்டும் நாள் பார்க்காது, ஆனால் அதற்கு 20,000 கொடுக்க ஆள் குறைவு.

நோட்டை விட முக்கியமானது நோட்டில் இல்லாதவர்கள். கூடத்தை வந்து பார்த்துவிட்டுப் பதிவு செய்யாமல் போனவர்கள் இருப்பார்கள். காவலாளிக்கும் பதிவு பார்க்கிறவருக்கும் அவர்களைத் தெரியும். ஒரு பதினைந்து பேருக்குப் போன் போட்டு ஏன் எடுக்கவில்லை என்று கேளுங்கள். "ஏசி இல்லை" என்றார்களா, "கழிவறை சரியில்லை" என்றார்களா, "பந்தி போட இடம் இல்லை" என்றார்களா, "வண்டி நிறுத்த முடியாது" என்றார்களா? வண்டி நிறுத்துமிடம்தான் காரணம் என்றால் 28 லட்சம் போட்டாலும் அந்தக் காரணம் அப்படியே இருக்கும்.

நான் கணக்குப் பார்த்த ஒரு சங்கத்தில் இந்த போன் வேலையைச் செய்யாமலே ஏசி போட்டார்கள். முதல் வருடம் புதுசு என்று கொஞ்சம் கூட்டம் வந்தது. அடுத்த வருடமே அரை கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் மினி ஹால் திறந்தார், வாடகையை இறக்க வேண்டியதாயிற்று. நாலாவது வருடம் இரண்டு கம்ப்ரசர் போனபோது மாற்றப் பணம் இல்லை, தேய்மானத்துக்கு என்று ஒரு ரூபாய் ஒதுக்கவில்லை. வீட்டுக்கு 3,000 சிறப்பு வசூல் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பொருளாளரை ஒருமையில் பேசியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் முடிவெடுத்தது அவர் ஒருவர் இல்லை.

உறுப்பினர் சலுகைக்குத் திரும்புகிறேன். கூடம் நன்றாக ஆகிவிட்டால் முதலில் ஆசைப்படுவது உங்கள் உறுப்பினர்கள்தான், அதில் தப்பே இல்லை, அவர்கள் கட்டிய கூடம். ஆனால் உறுப்பினர் பெயரில் மைத்துனர் வீட்டு விசேஷம், நண்பர் வீட்டு விசேஷம் என்று வர ஆரம்பித்தால், ஒவ்வொன்றிலும் 10,000 போகிறது. நல்ல ஞாயிறுகளையும் அதுவே தின்றுவிடும். சலுகை தன் பிள்ளைகள், பெற்றோர் விசேஷத்துக்கு மட்டும், குடும்பத்துக்கு வருடம் ஒரு தடவை என்று முதலிலேயே தீர்மானம் போடுங்கள். வருமான வரிக்கும் இந்தப் பிரிவினை உதவும். உறுப்பினர்களிடம் வாங்கி உறுப்பினர்களுக்கே செலவு செய்வது பரஸ்பரக் கொள்கையின் கீழ் வருமானமாகாது, வெளியார் வாடகை வருமானம்தான். எனவே இரண்டுக்கும் தனித்தனி ரசீதுப் புத்தகம் வைத்து, உங்கள் சங்கத்தின் பதிவு எந்த வகை என்று ஆடிட்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, இதை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அந்தக் கூடம் இப்படியே பாழாகும். அதையும் நான் விரும்பவில்லை. போன் போட்டதில் கழிவறையும் பந்தி இடமும்தான் குறை என்று தெரிந்தால், 7 லட்சத்தில் ஒரு கணக்குப் போடலாம். ஆண், பெண் தனியாக நல்ல கழிவறை, முதியவர் ஏற ஒரு சாய்தளம், பந்தி இடத்துக்குத் தரை, சமையல்கூடத்துக்கு வடிகால், ஒயரிங், புது மின்விசிறி, வெள்ளை. ஏசி இல்லை, கடன் இல்லை. வாடகை 11,000. நாள் செலவு 2,500 என்றால் வெளியாரிடம் மிச்சம் 8,500, உறுப்பினரிடம் 3,000. உரிமம், காப்பீடு என்று நிலையான செலவு 40,000, தவணை 6.5 சதவீதத்தில் 97,000, இன்றைய 1,73,000. கூட்டி, உறுப்பினர் நாட்களின் 36,000ஐக் கழித்து வகுத்தால் 33 நாள். 22ஐ 33 ஆக்குவது மாதத்துக்கு ஒன்று கூட்டுவது. வைப்பில் 11 லட்சம் அப்படியே இருக்கும்.

மேடையில் பத்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். செயலாளர் தப்பாகச் சொல்கிறார் என்ற தொனி வந்துவிட்டால் கூட்டம் இரண்டு கட்சியாகிவிடும், கணக்கு காணாமல் போகும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏறத்தாழ இப்படிப் பேசுவேன்:

"தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். கூடத்தைச் சரி பண்ண வேண்டும் என்பதில் எனக்கும் செயலாளருக்கும் வேறுபாடு இல்லை. எவ்வளவுக்கு என்பதில்தான் உங்களிடம் கேட்க வந்திருக்கிறேன். 28 லட்சம் போட்டால் வருடத்துக்கு 57 நாள் வெளியார் 20,000 கொடுத்து எடுக்க வேண்டும். அது லாபத்துக்கு இல்லை, இன்றைக்கு இருக்கிற நிலையிலேயே நிற்பதற்கு. போன வருடம் 8,000க்கு வந்தவர்கள் 22 நாள். அது 40 நாள் ஆனால்கூட வருடம் 2,31,000 இன்றைய நிலையை விடக் குறையும், உறுப்பினர்களிடம் வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தப்பாமல் போகும். 7 லட்சத்தில் கழிவறையும் பந்திக் கூடமும் செய்தால் 33 நாள் போதும். வந்து பார்த்துவிட்டுப் போனவர்களைக் கேட்டேன், அவர்கள் சொன்ன காரணம் இந்தத் தாளில் இருக்கிறது. உங்களில் யாருக்காவது 57 நாள் வரும் என்று நம்பிக்கை இருந்தால், எந்த மாதம் எத்தனை நாள் என்று எழுந்து சொல்லுங்கள், நான் இந்தப் பலகையில் எழுதுகிறேன்."

உண்மையிலேயே ஒரு கரும்பலகை வையுங்கள். சித்திரையில் இருந்து பங்குனி வரை பன்னிரண்டு கட்டம் போட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஆடிக்கும் மார்கழிக்கும் வரும்போது நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், கூட்டமே சொல்லும். ஒருவேளை நியாயமான காரணங்களோடு 57ஐத் தாண்டினால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள், அந்த ஊரை அவர்களுக்கும் தெரியும்.

போன் விசாரணையில் உங்களுக்கும் கழிவறைதான் காரணம் என்று வந்தால், தீர்மானத்தை இரண்டு கட்டமாக எழுதிக்கொண்டு போங்கள். முதல் கட்டம் 7 லட்சத்துக்கு மிகாமல், வைப்பில் இருந்து. இரண்டாம் கட்டமான ஏசி, வெளியார் முன்பதிவு தொடர்ந்து இரண்டு வருடம் 40 நாளைத் தாண்டினால் மட்டும் பொதுக்குழுவுக்கு வரும். வாடகை வரவில் இருந்து வருடம் 70,000 தனிக் கணக்கில் தேய்மான நிதியாகப் போகும், பொதுக்குழு அனுமதி இல்லாமல் அதைத் தொடக்கூடாது. என்றைக்காவது உறுப்பினர் கடன் வாங்கும்படி ஆனால், துணை விதியில் கடன் வாங்க அதிகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது, காசோலை அல்லது வங்கி மாற்று மட்டும்.

வேலையை ஆனி கடைசியில் ஆரம்பித்து ஆடியில் முடிக்கும்படி ஒப்பந்தம் போடுங்கள். தாமதமானால் வாரத்துக்கு இவ்வளவு பிடித்தம் என்ற வரி அதில் இருக்கட்டும், ஏனென்றால் ஆவணி முகூர்த்தங்கள் போனால் அந்த வருடத்து 33 நாளில் நாலைந்து நாள் அங்கேயே போய்விடும். பொதுவில் மக்கள் கூடும் கட்டடத்துக்கு வேண்டிய பொதுக் கட்டட உரிமம், தீயணைப்புத் துறை உரிமம் இரண்டும் இப்போது இருக்கிறதா என்று வேலை தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் கேட்கும் இரண்டாவது வாசலையும் இந்த 7 லட்சத்துக்குள்ளேயே வைக்க வேண்டியிருக்கும்.